மட்டும், உம், கூட: இடம் மாறிப் பொருள் மாறிய மின்னஞ்சலைச் சரிசெய்வது

தமிழில் சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டாலும் வாக்கியம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ‘ரவி அறிக்கையை மாலாவுக்கு வெள்ளிக்கிழமை அனுப்புவார்’ என்பதில் வெள்ளிக்கிழமையை முதலில் வைத்தாலும், மாலாவை முதலில் வைத்தாலும் செய்தி அதேதான். இந்தச் சுதந்திரம் பழகிப்போய், ‘மட்டும்’ என்பதையும் அதே தாராளத்தோடு வாக்கியத்தில் எங்காவது செருகிவிடுகிறோம். அது அப்படி உலவும் சொல் அல்ல. தனக்கு நேர் முன்னால் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, அதன் இனத்தில் மற்ற எல்லாவற்றையும் வெளியே தள்ளும்.

மேலே உள்ள அதே வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ‘ரவி மட்டும்’ என்றால் வேறு யாரும் அனுப்ப மாட்டார்கள். ‘அறிக்கையை மட்டும்’ என்றால் பில், படம் எதுவும் கூடப் போகாது. ‘மாலாவுக்கு மட்டும்’ என்றால் மற்றவர்களுக்கு வராது. ‘வெள்ளிக்கிழமை மட்டும்’ என்றால் மற்ற நாட்களில் அனுப்புவதில்லை. ஒரு சொல், நான்கு இடம், நான்கு வேறு வேலைகள். ‘உம்’, ‘கூட’, ‘தான்’ ஆகியவையும் இப்படிப் பின்னால் ஒட்டுபவைதான்.

நேரில் பேசும்போது குரலை எங்கே அழுத்துகிறோம் என்பது பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். நான்கு வரி மின்னஞ்சலில் அது கிடையாது. எழுதியவர் தன் காதில் ஒலித்தபடி படித்துப் பார்ப்பதால் பிழை அவருக்குத் தெரியாது. பெறுபவரின் பதிலைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் கீழே உள்ளதை, என்ன பதில் வந்தது, என்ன காரியம் நடந்தது என்ற வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.

அறிகுறி: கேட்டது ஒன்று, வந்தது குறைவாகவோ கூடுதலாகவோ

இதுதான் அடிக்கடி நடப்பது. ‘இந்த மாதக் கணக்கை நீங்கள் மட்டும் சரிபார்த்து அனுப்பவும்’ என்று எழுதினீர்கள். போன மாதக் கணக்கை இப்போது தொட வேண்டாம் என்பது உங்கள் எண்ணம். பெறுபவரோ உதவியாளர்கள் யாரையும் சேர்த்துக்கொள்ளாமல், தனியாக உட்கார்ந்து இரண்டு மாதக் கணக்கையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். தனியாகப் பார்க்கச் சொல்லித்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், போன மாதம் வேண்டாம் என்று எங்குமே சொல்லவில்லை. ‘மட்டும்’ ‘நீங்கள்’ என்பதற்குப் பின்னால் நிற்கிறது.

சோதனை எளிது. ‘மட்டும்’ வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, அதற்கு முந்தைய சொல்லை எடுத்து, ‘மற்ற’ என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ‘நீங்கள் மட்டும்’ என்றால், ‘மற்றவர்கள் சரிபார்க்க வேண்டாம்’. ‘இந்த மாதக் கணக்கை மட்டும்’ என்றால், ‘மற்ற மாதக் கணக்குகள் வேண்டாம்’. இந்த ‘மற்ற’ வாக்கியம் நீங்கள் சொல்ல வந்ததாக இருந்தால் இடம் சரி. இல்லையென்றால் ‘மட்டும்’ வேறு இடத்துக்குப் போக வேண்டும். உருபு ஒட்டிய சொல்லானால் உருபுக்குப் பிறகு வையுங்கள்: ‘கணக்கை மட்டும்’, ‘மாலாவுக்கு மட்டும்’, ‘அலுவலகத்தில் மட்டும்’.

இதில் ஒரு முடிச்சு உண்டு. செய்யும் செயலையே கட்டுப்படுத்த வேண்டும், அதாவது படித்தால் போதும், திருத்தக் கூடாது என்று சொல்ல வேண்டும். ‘படியுங்கள் மட்டும்’ என்று பேச்சில் சொல்லிவிடலாம். எழுத்தில் அது நிற்காது. அதனால் பலர் கைக்குக் கிடைத்த பெயர்ச்சொல்லோடு சேர்த்து, ‘வரைவை மட்டும் படியுங்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். பெறுபவர் அதை, இணைப்பில் உள்ள மற்ற கோப்புகளைத் திறக்க வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார். வரைவைத் திருத்தக் கூடாது என்ற தடை அதில் எங்குமே இல்லை. வினையை ‘செய’ என்ற வடிவத்துக்கு மாற்றி, அதன் பின்னால் ‘மட்டும்’ போடுங்கள்: ‘வரைவைப் படிக்க மட்டும் செய்யுங்கள், திருத்த வேண்டாம்.’ கொஞ்சம் விறைப்பாக இருக்கிறதா? அப்படியானால் ‘மட்டும்’ இல்லாமலே, ‘வரைவைப் படித்தால் போதும், திருத்த வேண்டாம்’ என்று எழுதலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

பட்டியலுக்குப் பின்னால் வரும் ‘மட்டும்’ இன்னொரு தொல்லை. ‘ரவி, மாலா, கண்ணன் மட்டும் காலையில் வரட்டும்’ என்றால் மூவருக்கும் சேர்த்தா, கண்ணனுக்கு மட்டுமா? ‘ரவி, மாலா, கண்ணன் ஆகிய மூவர் மட்டும்’ என்று கட்டிவிட்டால் கேள்வி எழாது.

அறிகுறி: “ஒப்புதல் வந்துவிட்டது, பணத்தை அனுப்பிவிட்டேன்” என்று பதில், நீங்கள் பில்லுக்குக் காத்திருக்கிறீர்கள்

‘ஆல்’ வரும் நிபந்தனை வாக்கியத்தில் ‘மட்டும்’ ஒரு சொல் நகர்ந்தால் பணமே நகர்ந்துவிடும். மூன்று வாக்கியங்களை அருகருகே வைக்கிறேன்:

> ஒப்புதல் வந்தால் மட்டும் பணத்தை அனுப்பவும்.
> ஒப்புதல் மட்டும் வந்தால் பணத்தை அனுப்பவும்.
> ஒப்புதல் வந்தால் பணத்தை மட்டும் அனுப்பவும்.

முதலாவது ஒரு தடை. ஒப்புதல் இல்லாமல் பணம் போகக் கூடாது. இரண்டாவது ஏறக்குறைய அதற்கு எதிர். ஒப்புதல் ஒன்று வந்தாலே போதும், வேறு எதற்கும் காத்திருக்க வேண்டாம் என்று அவசரப்படுத்துகிறது. மழை மட்டும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறோமே, அதே அமைப்பு. மூன்றாவது, பணத்தோடு ரசீதையோ கடிதத்தையோ சேர்த்து அனுப்பாதே என்கிறது.

முதலாவதை நினைத்துக்கொண்டு இரண்டாவதை எழுதுவதுதான் வழக்கமான விபத்து. தட்டச்சு செய்யும்போது மனதில் கனமாக நிற்பது ‘ஒப்புதல்’ என்ற பெயர்ச்சொல். அதனால் ‘மட்டும்’ அதோடு போய் ஒட்டிக்கொள்கிறது. நிபந்தனையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அது ‘வந்தால்’ என்பதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

முதல் வாக்கியத்திலும் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. ஒப்புதல் இல்லாமல் அனுப்பக் கூடாது என்பதை அது உறுதியாகச் சொல்கிறது. ஒப்புதல் வந்த உடனே அனுப்பலாமா, இன்னும் ஏதாவது வர வேண்டுமா என்பதைச் சொல்லவில்லை. நடைமுறையில் படிப்பவர்கள் எல்லோரும் ‘வந்ததும் அனுப்பலாம்’ என்றே புரிந்துகொள்வார்கள். ஒப்புதல், பில் இரண்டுமே தேவை என்றால் ‘மட்டும்’ உங்களுக்கு உதவாது. ‘ஒப்புதலும் பில்லும் வந்த பிறகே பணத்தை அனுப்பவும். இரண்டில் ஒன்று வராவிட்டாலும் நிறுத்தி வைக்கவும்’ என்று எழுதுங்கள். ‘பிறகே’ என்பது காலவரிசையைச் சொல்வதால் தவறாக எடுத்துக்கொள்ள இடமே இல்லை. இரண்டாவது வாக்கியம் தடையைத் தனியாகச் சொல்லிவிடுகிறது. பணம், கையெழுத்து, வெளியீடு என்று திரும்பப் பெற முடியாத எதுவானாலும் நான் தடையைத் தனி வாக்கியமாகத்தான் எழுதுவேன்.

அறிகுறி: நீங்கள் சொன்னதற்கு நேர் எதிராக நடந்தது

‘மட்டும்’ இருக்கும் வாக்கியத்தில் ‘வேண்டாம்’, ‘இல்லை’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

விலைப்பட்டியல் வாடிக்கையாளருக்கு நேரடியாகப் போகிறது, உங்கள் பிரிவுக்கு நகல் வருவதில்லை. ‘இனி வாடிக்கையாளருக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்’ என்று எழுதுகிறீர்கள். எங்களுக்கும் சேர்த்து அனுப்பு என்பது உங்கள் கருத்து. அடுத்த வாரம் பட்டியல் உங்கள் பிரிவு, கிடங்கு, கணக்குப் பிரிவு என்று எல்லோருக்கும் வருகிறது. வாடிக்கையாளருக்கு மட்டும் போகவில்லை! ‘மாலாவுக்கு மட்டும் சொல்லாதே’ என்றால் மாலாவைத் தவிர எல்லோருக்கும் சொல்லலாம் என்றுதான் நம் காது முதலில் கேட்கும். அந்தக் கோணத்தில் பெறுபவர் செய்தது சரியே.

இங்கே ‘மட்டும்’ என்பதை நகர்த்திப் பயனில்லை, எங்கே வைத்தாலும் இரண்டு பொருள் தொடரும். எதிர்மறையை எடுத்துவிட்டு நேராகச் சொல்லுங்கள்: ‘இனி வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது எங்களுக்கும் ஒரு நகல் அனுப்பவும்.’ மற்றப் பொருள்தான் வேண்டும் என்றால் ‘வாடிக்கையாளரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அனுப்பவும்’. ‘தவிர’ என்ற சொல்லுக்கு இரண்டு முகம் கிடையாது.

இதன் நெருங்கிய உறவு ‘மட்டும் இல்லை’. பேச்சில் ‘இல்லை’ என்பதையே ‘அல்ல’ என்பதற்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். அதை அப்படியே எழுத்துக்குக் கொண்டுவந்தால் ‘பிழை முதல் பக்கத்தில் மட்டும் இல்லை’ என்ற வாக்கியம் பிறக்கும். முதல் பக்கம் சுத்தமாக இருக்கிறது, மற்றவற்றில்தான் பிழை என்று ஒருவர் படிப்பார். முதல் பக்கத்தோடு நிற்கவில்லை, எல்லாப் பக்கத்திலும் பிழை என்று இன்னொருவர் படிப்பார். முதல் பக்கத்தைத் திருத்த வேண்டுமா என்பதே தொங்கலில் நிற்கிறது. இரண்டாவது பொருளுக்கு ‘மட்டுமல்ல’ என்று சேர்த்து எழுதி, மீதியையும் சொல்லி முடியுங்கள்: ‘முதல் பக்கத்தில் மட்டுமல்ல, மற்ற பக்கங்களிலும் பிழை இருக்கிறது.’ ‘மட்டுமல்ல’ போட்டுவிட்டுப் பின்பாதியை விட்டுவிட்டால் வாக்கியம் பாதியில் நின்றது போல் இருக்கும்.

அறிகுறி: “இன்னொன்று வரவில்லையே?” என்று கேட்கிறார்கள்

இது ‘உம்’ செய்யும் வேலை. ‘கணக்கு அறிக்கையையும் இணைத்துள்ளேன்’ என்று எழுதி ஒரே ஒரு கோப்பை இணைத்திருப்பீர்கள். ‘அறிக்கையையும்’ என்றால் அதற்கு முன்னால் வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும். பெறுபவர் இணைப்புப் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, மற்றது எங்கே என்று கேட்கிறார். இலக்கணத்தில் இதற்கு எச்ச உம்மை என்று பெயர். சொல்லாமல் விட்ட இன்னொன்றை நோக்கி விரல் நீட்டுவது அதன் இயல்பு.

இடம் மாறினால் விரல் வேறு பக்கம் நீளும். ‘நானும் தொகையை நேற்று அனுப்பினேன்’ என்றால் வேறு யாரோ ஒருவரும் அனுப்பியிருக்கிறார். ‘நான் தொகையையும் நேற்று அனுப்பினேன்’ என்றால் தொகையோடு வேறு ஏதோ போயிருக்கிறது. ‘நான் தொகையை நேற்றும் அனுப்பினேன்’ என்றால் அதற்கு முன்பு ஒருமுறை அனுப்பியிருக்கிறீர்கள். இந்த மூன்றாவதைப் படிக்கும் கணக்காளர் வங்கிப் பதிவில் இரண்டு வரவைத் தேடத் தொடங்குவார். நீங்கள் சொல்ல நினைத்ததோ, படிவத்தை அனுப்பியதோடு தொகையையும் அனுப்பினேன் என்பதுதான்.

‘உம்’ வரும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி: அந்த இன்னொன்று இதே மின்னஞ்சலில் இருக்கிறதா, அல்லது பெறுபவருக்கு ஏற்கெனவே தெரியுமா? இரண்டும் இல்லையென்றால் ‘உம்’ வேண்டாம். ‘கணக்கு அறிக்கையை இணைத்துள்ளேன்’ போதும். இருந்தால் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிடுங்கள்: ‘படிவத்தையும் தொகையையும் நேற்று அனுப்பினேன்.’ இரண்டு பக்கமும் ‘உம்’ வந்ததும் தேடல் நின்றுவிடும்.

தேடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மட்டும்’ தனிச் சொல்லாக நிற்பதால் `Ctrl+F` அழுத்தித் தேடி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ‘உம்’ அப்படிச் சிக்காது, சொல்லோடு கரைந்துவிடும். அதன் முடிவை வைத்துத் தேடினால் ‘அனுப்பவும்’, ‘வேண்டும்’, ‘இருக்கும்’ எல்லாம் வந்து குவியும். அவற்றுக்கும் நம் சிக்கலுக்கும் தொடர்பில்லை. எனவே ‘உம்’ விஷயத்தில் கண்ணால் படிப்பதே வழி. நல்லவேளையாக மின்னஞ்சல் சின்னது.

அறிகுறி: “ஒன்றுமே வரவில்லையா, சிலது வரவில்லையா?”

‘மூன்று கோப்புகளும் வரவில்லை’ என்ற வாக்கியம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! ஆனால் மூன்றுமே வரவில்லை என்றும் படிக்கலாம், மூன்றும் முழுதாக வரவில்லை, சிலதுதான் வந்தது என்றும் படிக்கலாம். இது இன்றைய அவசரத் தமிழின் குறை அல்ல. ‘முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்’ என்று நன்னூலே சூத்திரம் போட்டு வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் குறிக்கும் உம்மை சில இடங்களில் மிச்சம் இருப்பதையும் குறிக்கும் என்பது அதன் பொருள். பழைய உரைகளில் வரும் ‘பத்தும் கொடால்’ என்ற எடுத்துக்காட்டுக்கு, பத்தையும் கொடுத்துவிடாதே, கொஞ்சம் வைத்துக்கொண்டு கொடு என்று விளக்கம் சொல்வார்கள். அன்றும் எதிர்மறை வந்தால்தான் இந்தச் சிக்கல்.

‘நாளைக் கூட்டத்துக்கு எல்லோரும் வர வேண்டியதில்லை’ என்பதும் இதே வகை. அலுவலகமே வராமல் போகலாம். ஒருவரும் வேண்டாம் என்றால் ‘யாரும் வர வேண்டியதில்லை’. சிலர் வேண்டும் என்றால் அவர்களைச் சொல்லுங்கள்: ‘குழுத் தலைவர்கள் வந்தால் போதும்.’ கோப்புக்கும் அப்படியே: ‘மூன்றில் ஒன்றுகூட வரவில்லை’ அல்லது ‘மூன்றில் இரண்டு வந்தன, கணக்குக் கோப்பு வரவில்லை.’ எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் உம்மையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அறிகுறி: வேலை சரியாக நடந்தது, ஆனால் பதிலில் ஒரு விறைப்பு

பொருள் பிசகாமல் தொனி மட்டும் பிசகும் இடங்கள் இவை. ‘மாலாகூட முடித்துவிட்டார்’ என்று எழுதி, மாலாவுக்கும் ஒரு நகல் போட்டிருப்பீர்கள். மாலா அதை, அவராலேயே முடிந்துவிட்டது என்ற வியப்பாகப் படிப்பார். ‘மாலாவும் முடித்துவிட்டார்’ என்றால் அந்த முள் இல்லை. ‘கூட’ என்பதற்கு ‘உடன்’ என்ற பொருளும் இருப்பதால் தொல்லை இரட்டிப்பு. ‘மேலாளர் கூட பேசவில்லை’ என்றால் மேலாளரும் வாய் திறக்கவில்லையா, மேலாளரோடு யாரோ பேசவில்லையா? எழுத்தில் ‘மேலாளருடன்’, ‘மேலாளரும்’ என்று பிரித்துவிடுங்கள். ‘கூட’ பேச்சுக்கு இருக்கட்டும்.

‘நீங்கள் மட்டும் பதில் அனுப்பவில்லை’ என்பது விரல் நீட்டிக் குற்றம் சொல்வது. ‘நீங்கள் பதில் மட்டும் அனுப்பவில்லை’ என்றால் மற்றதெல்லாம் செய்துவிட்டீர்கள், அந்த ஒன்றுதான் பாக்கி என்ற மென்மை வந்துவிடுகிறது. நினைவூட்டல் எழுதும்போது இந்த ஓரடி நகர்வு நன்றாகவே கைகொடுக்கும். ‘நாளைதான் பார்க்க முடியும்’ என்பதில் இன்று முடியாது என்ற மறுப்பு தொனிக்கும். ‘நாளை பார்த்துவிடுகிறேன்’ என்பதில் இல்லை. ‘நீங்களாவது வாருங்கள்’ என்று எழுதினால் மற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்ற புகாரும் கூடவே போகும். அந்த மற்றவர்களும் மின்னஞ்சலைப் படிப்பார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தை மாற்றியும் தீராதவை

‘புதிய ஊழியர்களின் பட்டியலை மட்டும் அனுப்பவும்.’ ‘மட்டும்’ சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பட்டியல் போதும், படங்கள் வேண்டாம் என்று ஒருவர் படிப்பார். புதியவர்களுடையது போதும், பழையவர்களுடையது வேண்டாம் என்று இன்னொருவர் படிப்பார். ‘மட்டும்’ முந்தைய சொற்றொடர் முழுவதையும் பிடிப்பதால், அதற்குள் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பது தெரியாது. ‘புதிய மட்டும் ஊழியர்கள்’ என்று நடுவில் செருகத் தமிழ் விடாது. வேறு வழியே இல்லை, வேண்டாததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: ‘புதிய ஊழியர்களின் பட்டியல் போதும்; பழைய ஊழியர்களுடையது வேண்டாம்.’

இன்னொன்று வட்டார வழக்கு. இலங்கைத் தமிழில் ‘மட்டும்’ என்பது ‘வரை’ என்ற பொருளிலும் வழங்குகிறது. ‘வியாழக்கிழமை மட்டும் அலுவலகம் மூடியிருக்கும்’ என்பதை ஒருவர் அந்த ஒரு நாள் என்றும், மற்றொருவர் வியாழன் வரைக்கும் என்றும் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. நாள், நேரம் பற்றிய வாக்கியத்தில் ‘வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும்’ அல்லது ‘வியாழக்கிழமை வரை’ என்று எழுதினால் இரு தரப்புக்கும் ஒரே பொருள்தான்.

ஒரு மின்னஞ்சலை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம்

விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும். வடிவமைப்பாளருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் போகிறது என்று வைத்துக்கொள்வோம்:

> வணக்கம். அழைப்பிதழ் வரைவை இணைத்துள்ளேன். தலைவரும் பார்த்துவிட்டார். எழுத்துப் பிழைகளை நீங்கள் மட்டும் திருத்தவும். படங்களை மட்டும் மாற்ற வேண்டாம். ஒப்புதல் மட்டும் வந்தால் அச்சுக்கு அனுப்பவும். இரண்டு பதிப்புகளும் தேவையில்லை. நன்றி.

எழுதியவர் நினைத்தது: பிழைகளைத் திருத்தினால் போதும், வேறு எதையும், குறிப்பாகப் படங்களைத் தொடக் கூடாது, தலைவர் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்ளும் வரை அச்சுக்குப் போகக் கூடாது, வண்ணப் பதிப்பு ஒன்று போதும்.

வடிவமைப்பாளர் படிப்பதைப் பாருங்கள். ‘தலைவரும் பார்த்துவிட்டார்’ என்றதும், மற்ற எல்லோரும் முன்பே பார்த்தாயிற்று, கடைசியாகத் தலைவரும் பார்த்தாயிற்று என்று அவருக்குத் தோன்றும். ஒப்புதல் கிடைத்தாயிற்று என்றே முடிவு செய்துவிடலாம். ‘நீங்கள் மட்டும் திருத்தவும்’ என்பதால் உதவியாளரிடம் கொடுக்காமல் தானே உட்காருகிறார். ‘படங்களை மட்டும் மாற்ற வேண்டாம்’ என்பது படங்களைத் தவிர எதையும் மாற்றலாம் என்ற அனுமதியாகிறது. எழுத்துரு, நிறம், வரிகளின் வரிசை எல்லாம் மாறுகின்றன. ‘ஒப்புதல் மட்டும் வந்தால்’ அவசரப்படுத்துகிறது; அவர் கணக்கில் ஒப்புதலும் வந்தாயிற்று. கடைசி வரியைப் படித்துவிட்டு ஒரு பதிப்புமே வேண்டாமா என்று தலையைச் சொறிகிறார், அல்லது கறுப்பு வெள்ளைப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்.

இதில் கெடுதல் ஒவ்வொன்றாக நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘தலைவரும்’ செய்த குழப்பம்தான் ‘ஒப்புதல் மட்டும்’ என்பதை ஆபத்தாக்கியது. திருத்தும்போது எனவே கடைசியில் மாற்ற முடியாததாக முடியும் வரியிலிருந்து தொடங்குவது நல்லது. இங்கே அது அச்சு. முதலில் அந்த வரியைப் ‘பிறகே’ கொண்டு கட்டி, யாருடைய ஒப்புதல் என்பதையும் சொல்கிறோம். அப்புறம் அதோடு தொடர்புள்ள ‘தலைவரும்’ என்பதில் ‘உம்’ போகிறது. அவர் பார்த்தார், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்ற நிலை தெளிவாகிறது. ‘நீங்கள் மட்டும்’ என்பதில் உள்ள ‘மட்டும்’ ‘பிழைகளை’ என்பதற்குப் பின்னால் நகர்கிறது. அது நகர்ந்ததும் படங்களைப் பற்றிய ‘மட்டும்’ வேலையில்லாமல் போகிறது. பதிப்புக்கு எது வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுகிறோம்.

> வணக்கம். அழைப்பிதழ் வரைவை இணைத்துள்ளேன். தலைவர் ஒருமுறை பார்த்துவிட்டார். ஒப்புதல் இன்னும் தரவில்லை. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தவும். படங்கள், எழுத்துரு, நிறம் எதையும் மாற்ற வேண்டாம். தலைவரின் ஒப்புதல் மின்னஞ்சலில் வந்த பிறகே அச்சுக்கு அனுப்பவும். வண்ணப் பதிப்பு போதும். கறுப்பு வெள்ளை வேண்டாம். நன்றி.

மூன்று ‘மட்டும்’ இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. நான்கைந்து வரிக்குள் ‘மட்டும்’ இரண்டு முறைக்கு மேல் வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒன்றாவது ‘போதும்’ என்றோ ‘தவிர’ என்றோ மாற வேண்டியதாகவே இருக்கும்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டால்

‘மேலே மூன்றாவது வரியில் “மட்டும்” என்ற சொல் இடம் மாறிவிட்டது’ என்று திருத்தம் எழுதாதீர்கள். அதைப் படிப்பவர் பழைய மின்னஞ்சலைத் திறந்து, வரியை எண்ணி, எந்த ‘மட்டும்’ எங்கே போக வேண்டும் என்று தானே ஊகிக்க வேண்டும். தலைப்பில் ‘திருத்தம்’ என்று போட்டு, ‘முந்தைய மின்னஞ்சலில் இருந்த அறிவுறுத்தலுக்குப் பதில் இதை எடுத்துக்கொள்ளவும்’ என்று ஒரு வரி எழுதி, முழு அறிவுறுத்தலையும் புதிதாகக் கொடுத்துவிடுங்கள். முந்தையதில் நகல் பெற்ற எல்லோருக்கும் இதுவும் போக வேண்டும். ஒருவரிடம் பழையதும் இன்னொருவரிடம் புதியதும் இருந்தால் முன்பிருந்ததைவிட மோசம். அச்சோ பணமோ ஏற்கெனவே நகரத் தொடங்கியிருக்கக் கூடும் என்று தோன்றினால், திருத்தத்தை அனுப்பும் முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.